வாடகைக்கு ரிவர்ஸ் சார்ஜ்: 5,400 கட்டி அதே 5,400ஐ எடுப்பது எதற்கு?

வாசகி கேட்கிறார்:

கோவையில் நானும் கணவரும் மோட்டார் பம்ப் உதிரிபாகங்கள் செய்யும் பட்டறை வைத்திருக்கிறோம். ஜிஎஸ்டி பதிவு உண்டு, மாதாமாதம் ரிட்டர்ன் போடுகிறோம். கணக்கை டேலியில் நான்தான் எழுதுகிறேன். 2025 ஏப்ரலில் வாடகைக் கட்டடத்துக்கு மாறினோம். மாதம் 30,000 ரூபாய். 5ஆம் தேதி அந்த மாத வாடகையை வங்கியில் அனுப்பிவிடுவோம். அட்வான்ஸ் 3 லட்சம். ஓனர் அம்மா ஓய்வு பெற்ற ஆசிரியை, ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர். வாடகைக்கு நாங்களே 18 சதவீதம் கட்ட வேண்டும் என்றும், கட்டிய 5,400ஐ அப்படியே கிரெடிட் எடுக்கலாம் என்றும் தெரிந்தவர் ஒருவர் சொன்னார். போவதும் வருவதும் ஒன்றுதானே என்று இரண்டையுமே எழுதாமல் விட்டுவிட்டேன். ஜூலை வரை ரிட்டர்ன் அப்படியே போய்விட்டது. ஆகஸ்ட் ரிட்டர்ன் இன்னும் போடவில்லை. நான் செய்தது தவறா? கையில் இருக்கும் கிரெடிட்டில் கழித்துக்கொள்ளலாமா, அல்லது ஓனர் அம்மாவின் வாடகையில் பிடித்துக்கொள்ளலாமா? எலக்ட்ரீஷியன், வெல்டர் யாருக்கும் பதிவு இல்லை. அவர்களுக்குக் கொடுப்பதற்கும் இதே வரி உண்டா?

பதில்:

தவறுதான். ஆனால் இப்போதே கண்டுபிடித்துவிட்டீர்கள். செப்டம்பர் 20க்குள் ஆகஸ்ட் ரிட்டர்னிலேயே சரிசெய்துவிடலாம். வட்டியாக சுமார் 820 ரூபாய் போகும். கணக்கைப் பின்னால் போட்டுக் காட்டுகிறேன். அதற்கு முன், இரண்டும் ஒன்றையொன்று கழித்துவிடும் என்று நீங்கள் நினைத்தது எங்கே சறுக்குகிறது என்று பார்த்துவிடலாம். அது பிடிபட்டால் மீதிக் கேள்விகளுக்கு விடை தானாக வரும்.

5,400 வரி என்பதும் 5,400 கிரெடிட் என்பதும் தொகையில் மட்டும்தான் ஒன்று. வரி கட்டும் கடமை, நீங்கள் வாடகை கொடுத்த அன்றே பிறந்துவிடுகிறது. நீங்கள் கணக்கில் எழுதினாலும் எழுதாவிட்டாலும் அது இருக்கிறது. கிரெடிட் அப்படியல்ல. அது, கட்டிய வரியை உங்கள் விற்பனை வரியில் கழித்துக்கொள்ளும் உரிமை. உரிய ஆவணம் இருந்து, வரியையும் கட்டி, ரிட்டர்னில் நீங்களாகக் கேட்டால்தான் வரும். அதற்குக் கடைசி நாளும் உண்டு. நீங்கள் இரண்டையும் எழுதாமல் விட்டபோது கடமை அப்படியே நின்றது, உரிமை மட்டும் பிறக்கவே இல்லை. அதிகாரி கணக்கைத் திறந்தால் லாப நட்டக் கணக்கில் வாடகைச் செலவு கண்ணில் படும். விற்பவருக்குப் பதில் வாங்குபவரே வரி கட்டும் இந்த முறைக்குப் பெயர் ரிவர்ஸ் சார்ஜ்; ரிட்டர்னில் அதற்கான கட்டம் காலியாக இருக்கும். "எப்படியும் கிரெடிட் கிடைத்திருக்குமே" என்று நீங்கள் சொல்லும் பதிலால் வட்டி குறையாது.

யாருக்குக் கொடுத்தால் இந்த வரி?

எலக்ட்ரீஷியன், வெல்டர் விஷயத்தில் கவலை வேண்டாம். அவர்களுக்குக் கொடுப்பதற்கு நீங்கள் வரி கட்டத் தேவையில்லை. உங்களுக்கு வந்த சந்தேகம் பலருக்கும் உண்டு. அதற்குக் காரணமும் உண்டு. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது, பதிவில்லாதவரிடம் எது வாங்கினாலும் வாங்குபவரே வரி கட்ட வேண்டும் என்றுதான் இருந்தது. ஒரு நாளைக்கு 5,000 ரூபாய் வரை விலக்கு என்ற பேச்சும் அப்போது வந்ததுதான். அதே ஆண்டு அக்டோபரில் அந்த விதியை நிறுத்தி வைத்தார்கள். 2019 பிப்ரவரியிலிருந்து சட்டத்தையே திருத்தி, அரசு குறிப்பிடும் வகையினருக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டார்கள். நடைமுறையில் அது கட்டட புரமோட்டர்களைத்தான் தொடுகிறது, உங்களை அல்ல.

உங்களைத் தொடுவது இன்னொரு விதி. ஜிஎஸ்டி சட்டத்தின் 9(3) பிரிவின் கீழ் அரசு ஒரு பட்டியல் வெளியிட்டிருக்கிறது. அதில் இருக்கும் சேவைகளுக்கு வாங்குபவரே வரி கட்ட வேண்டும். 2024 அக்டோபர் 10 முதல், பதிவில்லாத ஒருவர் பதிவு பெற்றவருக்குக் குடியிருப்பு அல்லாத கட்டடத்தை வாடகைக்கு விடுவதும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. உங்கள் பட்டறைக் கட்டடம் இதற்குள் வருகிறது. 5,000 ரூபாய் விலக்கு இந்தப் பட்டியலுக்கு ஒருபோதும் பொருந்தாது. வாடகை 3,000 ஆக இருந்தாலும் வரி உண்டு.

இதே பட்டியலில் உங்களுக்கு நேரக்கூடிய இன்னொன்று காவலாளி ஏற்பாடு. கம்பெனியாக இல்லாத ஒரு ஏஜென்சி, அதாவது தனிநபரோ பங்குதாரர் நிறுவனமோ, வாட்ச்மேன் அனுப்பினால் அந்தத் தொகைக்கும் நீங்கள்தான் வரி கட்ட வேண்டும். நீங்களே சம்பளத்துக்கு வைத்த வாட்ச்மேன் என்றால் கிடையாது, அது சம்பளம். வக்கீல் கட்டணமும், ரசீதுச் சீட்டு போடும் லாரி ஏஜென்சிக்குத் தரும் சரக்குக் கட்டணமும்கூட இதில் வரக்கூடும். அவை நேரும்போது தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். உங்களைப் பார்த்து, விற்றுமுதலில் சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் பக்கத்துக் கடைக்காரரும் பயப்படத் தேவையில்லை. அவர்களுக்கு இந்த வாடகை வரியிலிருந்து 2025 ஜனவரி 16 முதல் விலக்கு உண்டு. அவர்களால் கிரெடிட் எடுக்க முடியாது என்பதால், வரி முழுவதும் கையை விட்டுப் போகும் பாரமாக இருந்தது.

ஓனர் அம்மாவிடம் பிடிக்க முடியாது

வாடகை 30,000 என்று பேசியிருந்தால் 30,000ஐயும் அவருக்குக் கொடுத்துவிட வேண்டும். வரி அதற்கு மேல் உங்கள் கணக்கிலிருந்து அரசுக்குப் போகிறது. வருமான வரியில் டிடிஎஸ் பிடிக்கும் பழக்கத்தால் இந்தக் குழப்பம் வருகிறது. டிடிஎஸ் என்பது அவருடைய வரியை அவர் பணத்திலிருந்து பிடிப்பது. இதுவோ சட்டப்படி உங்களுடைய வரி. ரசீதில் "ஜிஎஸ்டி சேர்த்து" என்று போட்டு அவரிடமிருந்து பில் வாங்கவும் கூடாது. பதிவில்லாத ஒருவர் ஜிஎஸ்டி என்ற பெயரில் எதையும் வசூலிக்க முடியாது. டிடிஎஸ் பற்றியும் கேட்டுவிடுவீர்கள் என்பதால் சொல்கிறேன்: 2025 ஏப்ரல் முதல் மாத வாடகை 50,000ஐத் தாண்டினால்தான் அந்தப் பிடித்தம். உங்களுக்கு இப்போதைக்கு இல்லை.

அட்வான்ஸ் 3 லட்சத்துக்கு வரி உண்டா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் யாராவது உங்களைப் பயமுறுத்தும் முன் சொல்லிவிடுகிறேன். காலி செய்யும்போது திருப்பித் தரும் தொகை வாடகை அல்ல, அதனால் வரி இல்லை. ஆனால் நம் ஊரில் கடைசி மூன்று மாதம் வாடகை கொடுக்காமல் "அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லும் வழக்கம் உண்டு. அப்படிக் கழிக்கும் ஒவ்வொரு மாதமும் அது வாடகையாகிவிடும், அந்த மாதத்தில் வரி கட்ட வேண்டும். வங்கியில் பணம் போகாததால் இது கணக்கில் தப்பிவிடும். இப்போதே குறித்து வையுங்கள்.

இபி கட்டணத்தை மீட்டர் ரீடிங்படி உள்ளது உள்ளபடி கொடுத்தால் அது வாடகையில் சேராது. "பராமரிப்புக்கு மாதம் 2,000" என்று மொத்தமாகக் கொடுத்தால் அது வாடகையோடு சேர்ந்து வரிக்கு உட்படும்.

முதலில் செல்ஃப் இன்வாய்ஸ்

ஓனர் அம்மா பதிவில்லாதவர், வரி பில் தர மாட்டார். அவர் பக்கத்திலிருந்து ரிட்டர்னும் இல்லாததால், விற்பவர்கள் போடும் ரிட்டர்னிலிருந்து போர்ட்டல் உங்களுக்குத் தயாரிக்கும் 2பி பட்டியலில் இந்த வாடகை ஒருநாளும் தெரியாது. "2பியில் வரவில்லை, அதனால் எடுக்கவில்லை" என்று வருடக்கணக்கில் கிரெடிட்டை விட்டுவிடுபவர்கள் உண்டு. இங்கே ஆவணத்தை உருவாக்க வேண்டியவரே நீங்கள்தான்.

அதற்குப் பெயர் செல்ஃப் இன்வாய்ஸ். சேவை தருபவர் இடத்தில் ஓனர் அம்மாவின் பெயர், முகவரி. பெறுபவர் இடத்தில் உங்கள் நிறுவனப் பெயர், ஜிஎஸ்டி எண். இதற்கென்று தனி எண் வரிசை, உதாரணமாக RCM/25-26/001. ஆர்சிஎம் என்பது ரிவர்ஸ் சார்ஜ் முறையின் சுருக்கம். எந்த மாத வாடகை, சேவைக் குறியீடு 997212, மதிப்பு 30,000, மத்திய வரி 9 சதவீதம் 2,700, மாநில வரி 9 சதவீதம் 2,700. ரிவர்ஸ் சார்ஜில் வரி கட்டப்படுகிறது என்று ஒரு வரி. கீழே உங்கள் கையெழுத்து. 2024 நவம்பர் 1 முதல், சேவை பெற்ற நாளிலிருந்து 30 நாளுக்குள் இதைப் போட வேண்டும் என்று விதி இருக்கிறது. வாடகை அனுப்பும்போது பேமென்ட் வவுச்சர் ஒன்றும் நீங்கள் போட வேண்டும். அதில் பணம் கொடுத்த தேதியும் தொகையும் இருக்கும்.

எந்த மாத ரிட்டர்னில் வரி வரும் என்ற கேள்விக்கு விடை: பணம் கொடுத்த தேதி, செல்ஃப் இன்வாய்ஸ் போட்ட தேதி, இரண்டில் எது முந்தியதோ அது. நீங்கள் 5ஆம் தேதியே வாடகை அனுப்புவதால், அந்தத் தேதிதான். ஏப்ரல் 5இல் கொடுத்த வாடகைக்கான வரி ஏப்ரல் ரிட்டர்னில் வர வேண்டும், அதாவது மே 20க்குள்.

விட்டுப்போன மாதங்களுக்கு இப்போது செல்ஃப் இன்வாய்ஸ் போடும்போது, இன்றைய தேதியையே போடுங்கள். ஏப்ரல் தேதி போட்டுப் பழைய ஆவணம் போலக் காட்ட வேண்டாம். தாமதம் ஒரு சிறு குறை, அதற்கு அபராதம் கேட்க இடமிருக்கிறது. தேதியை மாற்றினால் அது வேறு வகைக் குற்றமாகிவிடும், அதோடு எண் வரிசையும் காட்டிக்கொடுத்துவிடும். தாமதமாகப் போட்ட செல்ஃப் இன்வாய்ஸுக்கும் கிரெடிட் உண்டு. இன்வாய்ஸ் எந்த நிதியாண்டில் போடப்பட்டதோ அந்த ஆண்டை வைத்துத்தான் கெடு எண்ணப்படும் என்று 2024 ஜூனில் மத்திய மறைமுக வரி வாரியமே சுற்றறிக்கை மூலம் தெளிவாக்கியிருக்கிறது. நீங்கள் 2025-26க்குள் போடுவதால் 2026 நவம்பர் 30 வரை, அல்லது ஆண்டு ரிட்டர்னை அதற்கு முன்பே போட்டுவிட்டால் அந்த நாள் வரை நேரம் இருக்கிறது.

புத்தகத்தில் இரண்டும் தெரிய வேண்டும்

டேலியில் நான்கு கணக்குத் தலைப்புகள் திறந்துகொள்ளுங்கள்: ஆர்சிஎம் மத்திய வரி கொடுக்க வேண்டியது, ஆர்சிஎம் மாநில வரி கொடுக்க வேண்டியது, ஆர்சிஎம் மத்திய வரி கிரெடிட் நிலுவை, ஆர்சிஎம் மாநில வரி கிரெடிட் நிலுவை. வழக்கமான விற்பனை வரி, கொள்முதல் கிரெடிட் கணக்குகளோடு இவற்றைக் கலக்காதீர்கள். கலந்துவிட்டால் இருப்புத்தொகை சரியாகவே இருக்கும், ஆனால் எதை ரொக்கமாகக் கட்ட வேண்டும் என்பது மறைந்துபோகும்.

ஒரு மாதப் பதிவு இப்படி வரும்.

வாடகைக்கு:
- வாடகைச் செலவு பற்று 30,000
- ஓனர் அம்மா கணக்கு வரவு 30,000

செல்ஃப் இன்வாய்ஸின் வரிக்கு:
- ஆர்சிஎம் மத்திய வரி கிரெடிட் நிலுவை பற்று 2,700
- ஆர்சிஎம் மாநில வரி கிரெடிட் நிலுவை பற்று 2,700
- ஆர்சிஎம் மத்திய வரி கொடுக்க வேண்டியது வரவு 2,700
- ஆர்சிஎம் மாநில வரி கொடுக்க வேண்டியது வரவு 2,700

ஓனர் அம்மா கணக்கில் 30,000 மட்டுமே நிற்பதைக் கவனியுங்கள். அவருக்கும் வரிக்கும் சம்பந்தம் இல்லை என்பது புத்தகத்திலேயே தெரிகிறது. வாடகைச் செலவிலும் 5,400 சேரவில்லை. கிரெடிட் எடுக்கும் வரியைச் செலவிலும் எழுதினால் ஒரே தொகைக்கு இரண்டு பலன் எடுத்ததாகிவிடும்.

சலான் கட்டும்போது வங்கி வரவு, கேஷ் லெட்ஜர் பற்று; கேஷ் லெட்ஜர் என்பது ஜிஎஸ்டி போர்ட்டலில் நீங்கள் கட்டிய பணம் நிற்கும் கணக்கு. ரிட்டர்ன் போட்ட அன்று இரண்டு பதிவுகள். "கொடுக்க வேண்டியது" கணக்குகளைப் பற்று வைத்து, கேஷ் லெட்ஜரை வரவு வைத்தால் கடன் தீர்கிறது. "நிலுவை" கணக்குகளை வரவு வைத்து, வழக்கமான கிரெடிட் கணக்குக்கு மாற்றினால் உரிமை கைக்கு வருகிறது. மாதக் கடைசியில் "நிலுவை" கணக்கில் அந்த மாத வரிக்கு மேல் இருப்பு நின்றால் விட்டுப்போன வரி இருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். நான் தனித்தனித் தலைப்புகளை வற்புறுத்துவதற்கு இதுதான் காரணம்.

கிரெடிட்டில் கழிக்க ஏன் முடியாது

கிரெடிட் லெட்ஜரில் இருப்பதை "வெளியீட்டு வரி"க்கு மட்டும்தான் பயன்படுத்தலாம். சட்டம் வெளியீட்டு வரியை வரையறுக்கும்போதே ரிவர்ஸ் சார்ஜில் கட்ட வேண்டிய வரியை அதிலிருந்து விலக்கிவிட்டது. அதனால் இந்த 5,400 பணமாகக் கேஷ் லெட்ஜர் வழியாகத்தான் போக வேண்டும். போர்ட்டலிலும் ரிவர்ஸ் சார்ஜ் வரிசையில் கிரெடிட்டை நிரப்ப இடம் இருக்காது. கட்டிய பிறகு வரும் கிரெடிட்டை உங்கள் விற்பனை வரிக்கு எதிராகக் கழிக்கலாம், அதுவும் அதே மாத ரிட்டர்னிலேயே.

பணம் கூடுதலாகப் போகிறதா? ஒரு சாதாரண மாதத்தைப் பார்ப்போம். விற்பனை வரி 62,000, கொள்முதல் கிரெடிட் 41,000 என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டும் மத்திய, மாநில வரியாகப் பாதிப் பாதி. ரிவர்ஸ் சார்ஜ் இல்லாவிட்டால் ரொக்கம் 21,000. இருந்தால், வாடகைக்கு 5,400 ரொக்கம்; கிரெடிட் 46,400 ஆகிவிடுவதால் விற்பனை வரிக்கு 15,600 ரொக்கம்; கூட்டினால் அதே 21,000. உங்கள் கையிலிருந்து ஒரு ரூபாயும் கூடப் போகவில்லை.

ஆனால் இந்தச் சமநிலை எல்லோருக்கும் வராது. கொள்முதல் கிரெடிட் ஏற்கெனவே விற்பனை வரியை விட அதிகமாக இருக்கும் தொழிலில், மாதம் 5,400 ரொக்கமாகப் போகும், கிரெடிட் லெட்ஜரில் வெறுமனே சேர்ந்துகொண்டே இருக்கும். ஏற்றுமதி செய்பவராக இருந்தால் ரீஃபண்ட் கேட்டுப் பெறலாம். கொள்முதல் வரி விகிதம் விற்பனை விகிதத்தை விட அதிகம் என்ற காரணத்துக்காக ரீஃபண்ட் கேட்பவருக்கு, அந்தச் சூத்திரத்தில் பொருள்களின் கிரெடிட் மட்டும்தான் சேரும். வாடகை ஒரு சேவை, அதன் கிரெடிட் திரும்பி வராது. வரி விலக்குள்ள பொருளையும் சேர்த்து விற்பவர், அந்த விகிதத்துக்குக் கிரெடிட்டைத் திருப்பியும் விட வேண்டும். நீங்கள் நாளை உற்பத்தியை மாற்றினால் இதை நினைவில் வையுங்கள். வாடகைப் பேரத்தில்கூட இது கணக்கில் வர வேண்டிய செலவு.

ஆகஸ்ட் ரிட்டர்னில் செய்ய வேண்டியது

ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை ஐந்து மாதம், மதிப்பு 1,50,000, வரி 27,000. வரி கட்டும் மாத ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-3பியில் 3.1(d) கட்டத்தில் மதிப்பு 1,50,000, மத்திய வரி 13,500, மாநில வரி 13,500 என்று நிரப்புங்கள். கிரெடிட்டை 4(A)(3) கட்டத்தில் அதே 13,500, 13,500 என்று எடுங்கள். பலர் இதைக் கொண்டுபோய் 4(A)(5)இல் மற்ற கிரெடிட்டோடு போட்டுவிடுகிறார்கள். அந்தக் கட்டம் 2பியோடு ஒப்பிடப்படுவது. அதில் வாடகை இல்லாததால் 27,000 அதிகம் எடுத்ததாக வித்தியாசம் காட்டும். மாத ரிட்டர்னுக்கு 2024 ஆகஸ்ட் முதல் போர்ட்டலில் ரிவர்ஸ் சார்ஜுக்கென்று தனி ஸ்டேட்மெண்டும் ஓடுகிறது. 3.1(d)இல் கட்டியதற்கு மேல் 4(A)(3)இல் எடுத்தால் எச்சரிக்கை வரும். இரண்டு கட்டமும் பைசா சுத்தமாகப் பொருந்த வேண்டும்.

வட்டி 18 சதவீதம், கட்ட வேண்டிய நாளுக்கு மறுநாளிலிருந்து. செப்டம்பர் 20 அன்று கட்டுவதாக வைத்துக் கணக்கிட்டால், ஏப்ரல் வாடகைக்கு 123 நாள், 328 ரூபாய். மேக்கு 92 நாள், 245. ஜூனுக்கு 62 நாள், 165. ஜூலைக்கு 31 நாள், 83. ஆகஸ்ட் வாடகைக்குக் கெடுவே அன்றுதான், வட்டி இல்லை. மொத்தம் 821, பைசா சேர்த்துப் பார்த்தால் 820 சொச்சம். மத்திய வரிக்கு 410, மாநில வரிக்கு 410 என்று 5.1 கட்டத்தில் நிரப்புங்கள். வரி கிரெடிட்டாகத் திரும்பி வரும், வட்டி வராது. அதைச் செலவில் தனியாக எழுதிவிடுங்கள். ரிட்டர்ன் போடும்போது வரியை எந்தெந்த மாதத்துக்கு என்று பிரித்துக் காட்ட ஒரு வசதி இருக்கிறது. பழைய நான்கு மாதங்களையும் அதில் தனித்தனியாகக் காட்டுங்கள்.

சலானில் கட்டும்போது மத்திய, மாநிலத் தலைப்பு ஒவ்வொன்றிலும் வரி 13,500, வட்டி 410 என்று பிரித்துப் போடுங்கள். வரித் தலைப்பில் போட்ட பணம் வட்டிக்குத் தானாகப் போகாது. முன்சொன்ன அதே விற்பனைக் கணக்கை வைத்துப் பார்த்தால், இந்த மாதம் உங்கள் கிரெடிட் 68,000 ஆகி, விற்பனை வரி 62,000 முழுவதும் அதிலேயே கழிந்து, 6,000 மிச்சம் அடுத்த மாதத்துக்குப் போகும். ரொக்கம் 27,000 வரி, 820 வட்டி. வழக்கமான 21,000ஐ விட இந்த மாதம் 6,820 கூடுதலாகத் தயார் செய்துகொள்ள வேண்டும். அதில் 6,000 செப்டம்பர் ரிட்டர்னில் உங்களுக்கே பயன்படும்.

விற்பனை விவரங்களைக் காட்டும் ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1இலும் ஒரு சிறு வேலை இருக்கிறது. அந்த மாதத்தில் போட்ட ஆவணங்களின் எண்ணிக்கையைச் சொல்லும் 13ஆவது அட்டவணையில், பதிவில்லாதவரிடமிருந்து பெற்ற சேவைக்கான இன்வாய்ஸ் என்று தனி வரிசை உண்டு. நீங்கள் செப்டம்பரில் போடும் செல்ஃப் இன்வாய்ஸ்களின் தொடக்க எண்ணும் கடைசி எண்ணும் செப்டம்பர் மாத ஜிஎஸ்டிஆர்-1இல் வரும்.

இதையெல்லாம் நோட்டீஸ் வருவதற்கு முன் நீங்களாகவே செய்வதில் பலன் இருக்கிறது. வரியையும் வட்டியையும் கட்டி முடித்தவரிடம் பின்னால் யாராவது கேட்டாலும், செல்ஃப் இன்வாய்ஸ், சலான், ரிட்டர்ன் நகல் மூன்றையும் காட்டிவிட்டு எழுந்து வரலாம்.

ஓனர் அம்மாவிடம் ஆண்டுக்கு ஒரு முறை, தனக்கு ஜிஎஸ்டி பதிவு இல்லை என்று ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். அவர் வேறு கட்டடங்களையும் வாடகைக்கு விட்டு, அல்லது வேறு காரணத்துக்காக, என்றைக்காவது பதிவு எடுத்தால் அன்றிலிருந்து ஏற்பாடு தலைகீழாகிவிடும். அவர் உங்களுக்கு வரி பில் போட வேண்டும், நீங்கள் 35,400 அவரிடமே கொடுக்க வேண்டும், அந்த வாடகை 2பியில் தெரிய வேண்டும், நீங்கள் 3.1(d)இல் எதையும் நிரப்பக் கூடாது. அவர் பதிவு எடுத்தது தெரியாமல் நீங்கள் பழைய வழியிலேயே கட்டிக்கொண்டிருந்தால் ஒரே வாடகைக்கு இரண்டு பேரும் வரி காட்டிய நிலை வரும். அதனால் பதிவு எடுத்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.